பேச்சில்லாத அழைப்பு: இரவுப் பணித் தன்னார்வலருக்கான உரைப்படி

அழைப்பை எடுத்து வணக்கம் சொன்ன பின்னும் மறுமுனையில் பதில் இல்லாமல், மெல்லிய மூச்சோ வெறும் அமைதியோ மட்டும் கேட்டால் இந்த உரைப்படியைக் கையில் எடுங்கள். மேற்கோளுக்குள் இருப்பவை நீங்கள் சொல்ல வேண்டியவை. எழுத்துத் தமிழில் இருப்பதை உங்கள் வாய்க்கு இயல்பான பேச்சுத் தமிழில் சொல்லலாம்; பொருளைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். அழைத்தவர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறுவரா என்று தெரியாத வரை சார், மேடம், அம்மா, தம்பி என்று எதுவும் சொல்லாதீர்கள்; ‘நீங்கள்’ என்பதே போதும்.

“வணக்கம். இது உதவி எண். நான் இங்கே ஒரு தன்னார்வலர். நீங்கள் இணைப்பில் இருப்பது எனக்குத் தெரிகிறது.”

பத்து நொடி காத்திருங்கள். “ஹலோ, ஹலோ, கேட்கிறதா” என்று அடுக்க வேண்டாம். வாயைத் திறக்க முயன்றுகொண்டிருப்பவருக்கு அது அவசரப்படுத்துவதாகவே படும். அமைதியில் பத்து நொடி ஒரு நிமிடம் போலத் தோன்றும் என்பதால், உங்கள் உணர்வை நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்.

“இப்போதே பேசியாக வேண்டும் என்றில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருக்கலாம், அழுகை வந்து அடைத்திருக்கலாம். எதுவானாலும் சரி. நான் காத்திருக்கிறேன்.”

இப்போது முப்பது நொடி. அதன் பிறகும் அமைதி நீடித்தால், நிமிடத்துக்கு ஒரு முறை, இதே தாழ்ந்த குரலில், ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “நான் இங்கேயே இருக்கிறேன்.” நடுவில் தாள் புரட்டும் சத்தமோ பக்கத்து மேசைப் பேச்சோ அவருக்குக் கேட்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மூன்று நிமிடம் கடந்தும் குரல் வரவில்லையென்றால், பேசாமலே பதில் சொல்ல வழி கொடுங்கள். அழைத்தவருக்குப் பேச விருப்பமில்லை என்று நாம் எண்ணும்போது, உண்மையில் பேச முடியாத இடத்தில் அவர் இருக்கக்கூடும். நம் குரலும் அந்த அறைக்குள் கசியக்கூடும் என்பதால் முதல் வாக்கியமே அதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

“பக்கத்தில் யாராவது இருந்தால் உங்கள் போனின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பதற்கு வாய் திறக்காமலே பதில் சொல்லலாம். ஆம் என்றால் போனின் பின்பக்கத்தில் நகத்தால் ஒரு முறை தட்டுங்கள். இல்லை என்றால் இரண்டு முறை. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் தட்டவே வேண்டாம். முதலில் பார்த்துக்கொள்வோம்: என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?”

தொடுதிரையைத் தொட்டால் சத்தம் வராது. பின்பக்கம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஒரு தட்டு கேட்டால், “ஒரு தட்டு கேட்டது, நன்றி” என்று அதைச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரு கேள்விதான். எதிர்மறையாகக் கேட்கவே வேண்டாம்: “பாதுகாப்பாக இல்லையா?” என்ற கேள்விக்குத் தமிழில் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே பொருளாகிவிடலாம், இரண்டு தட்டுகளை வைத்து நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள்?

“நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா?”

இரண்டு தட்டு வந்தால்: “உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய ஒருவர் இப்போது அருகில் இருக்கிறாரா?”

ஆம் என்றால், மேற்பார்வையாளரைக் கை உயர்த்தி அழைத்துக்கொண்டே இதைச் சொல்லுங்கள்: “புரிகிறது. எந்த நொடியிலும் நீங்கள் அழைப்பைத் துண்டித்துவிடலாம். நான் திரும்ப அழைக்க மாட்டேன், அதனால் உங்கள் போன் மணி அடிக்காது. அவசர உதவி வர வேண்டுமா?” திரும்ப அழைக்க மாட்டோம் என்ற இந்த வாக்கை எக்காரணத்தாலும் மீறாதீர்கள், மணியோசை ஒன்றே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இடம் பாதுகாப்பானது என்றால், தயங்காமல் அடுத்ததைக் கேளுங்கள். “தப்பான முடிவு” என்று சுற்றி வளைக்க வேண்டாம். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை யாருக்குள்ளும் விதைப்பதில்லை. அதை வெளிப்படையாகப் பேசலாம் என்பதையே காட்டுகிறது.

“தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா?”

ஒரு தட்டு என்றால்: “சொன்னதற்கு நன்றி. அது எவ்வளவு பாரம் என்று முழுவதும் எனக்குத் தெரியாது, ஆனால் கேட்க நான் இருக்கிறேன். இன்று உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டீர்களா?” பதிலுக்குக் காத்திருந்து, பிறகு: “மாத்திரையோ வேறு எதையாவதோ அளவுக்கு மீறி உட்கொண்டீர்களா?” இவற்றில் எதற்கு ஆம் வந்தாலும் மேற்பார்வையாளர் உங்கள் அருகில் இருக்க வேண்டும். “உங்களுக்கு இப்போதே மருத்துவ உதவி தேவை. அதை வரவழைக்க நாங்கள் முயல்கிறோம். முடிந்தால் வாசல் கதவைத் திறந்து வையுங்கள். அதுவரை இணைப்பில் இருங்கள்.”

எந்தத் தட்டும் வராமல் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மூச்சைக் கவனியுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது வெகுவாகக் குறைந்து, இடையிடையே நீண்ட இடைவெளி விழுந்து, குறட்டையைப் போலவோ தொண்டைக்குள் நீர் கொப்பளிப்பதைப் போலவோ ஒலித்தால், அவர் தூங்கிவிட்டார் என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலையாக இருக்கலாம், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். மாறாக, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்தால்: “மூச்சு வேகமாக வருகிறது போலும். நான் மெதுவாக எண்ணுகிறேன், முடிந்தால் அதனோடு சேர்ந்து மூச்சை வெளியே விடுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.” ஆழமாக இழுக்கச் சொல்ல வேண்டாம், மெதுவாக வெளியே விடச் சொன்னால் போதும்.

பாலியல் நோக்கத்தோடு அழைப்பவர்களும் உண்டு. மூச்சிரைப்பை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள். ஆஸ்துமாவும் அச்சமும் விம்மலும் அதே போல ஒலிக்கும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால், “இந்த அழைப்பை இத்தோடு முடிக்கிறேன்” என்று சொல்லித் துண்டியுங்கள், அதற்காக நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லாமல் இருபது நிமிடம் ஆகிவிட்டால், திடீரென முடிக்காமல் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

“இன்னும் ஐந்து நிமிடம் உங்களோடு இருப்பேன். அதற்குள் ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்லலாம், தட்டலாம், சும்மாவும் இருக்கலாம்.”

ஐந்து நிமிடம் முடிந்ததும்:

“இப்போது இணைப்பை முடிக்கிறேன். இன்று பேச முடியாமல் போனதில் உங்கள் தவறு ஏதும் இல்லை. அடுத்த முறை அழைக்கும்போது பேச்சு வராவிட்டாலும் ஒரு முறை தட்டுங்கள், எடுப்பவருக்குப் புரியும். இரவு முழுவதும் இங்கே ஆள் இருப்போம். வணக்கம்.”

இரண்டு நொடி விட்டு, அவர் முதலில் துண்டிக்க வாய்ப்பளித்து, பிறகு வையுங்கள். அவரே இடையில் துண்டித்துவிட்டால் உங்கள் சொல் ஏதோ தவறிவிட்டது என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த அழைப்பை எடுக்கும் முன் எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, தேவையென்றால் மேற்பார்வையாளரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். பதிவேட்டில் ‘விளையாட்டு அழைப்பு’, ‘வெற்று அழைப்பு’ என்ற சொற்கள் வேண்டாம். காதில் விழுந்ததை மட்டும் இவ்வாறு எழுதுங்கள்:

“அதிகாலை 2.40. 26 நிமிடம். சீரான மூச்சு, நடுவில் இரு முறை விம்மல். குரல் கேட்கிறதா என்றதற்கு ஒரு தட்டு. இடம் பாதுகாப்பானதா என்றதற்கு ஒரு தட்டு. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு இரண்டு தட்டு. முடிவுரை சொன்ன பின் ஒரு தட்டு கேட்டது. அதன் பிறகு அவரே துண்டித்தார்.”