இடது முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பி: சம்மதம் பெறும் முன் நோயாளியிடம் பேச வேண்டிய உரை

(நோயாளி: 52 வயதுப் பெண்மணி, உணவங்காடிக் கடைக்காரர், நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். மகன் உடன் இருக்கிறார். இடது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிவு, தொடக்கநிலை மூட்டுத் தேய்மானம். மருத்துவர் அமர்ந்துகொண்டு, நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும். படிவத்தை இறுதியில்தான் எடுக்க வேண்டும்.)

வணக்கம் அம்மா. இன்றைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, வீட்டில் பேசிவிட்டு, இன்னொரு நாள் வந்து முடிவைச் சொன்னாலும் சரிதான். இடையில் எந்தக் கேள்வி வந்தாலும் என்னை நிறுத்திக் கேளுங்கள்.

முதலில், உங்கள் முழங்காலில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையில், அதிர்ச்சியைத் தாங்குவதற்காகப் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. அவற்றை மெனிஸ்கஸ் என்கிறோம். பேருந்திலிருந்து இறங்கும்போது கால் திருகியதில் உள்பக்க மெத்தை கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்குள் விலகி நிற்பது எம்ஆர்ஐ படத்தில் தெரிகிறது. அந்தத் துண்டு எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போதுதான், காலை நீட்ட முடியாமல் பூட்டுப் போட்டது போல் நின்றுவிடுகிறது. இது தவிர, எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் தொடக்கமும் தெரிகிறது. நாள் முழுவதும் அடுப்படியில் நின்றுவிட்டு, இரவில் நீங்கள் உணரும் மந்தமான வலிக்குப் பெரும்பாலும் இந்தத் தேய்மானமே காரணம்.

இந்த இரண்டையும் நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால் பூட்டிக்கொள்வதைச் சரிசெய்ய, சிறு துளை போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி என்ற அறுவை சிகிச்சை உதவும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் தேய்மான வலியை அது தீர்க்காது. தேய்மானம் உள்ள முழங்காலை உள்ளே கழுவிச் சுத்தம் செய்தால் வலி போய்விடும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் நடத்தப்பட்டு 2013ல் வெளியான ஆய்வு ஒன்றில், வயதின் காரணமாக மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான அறுவை சிகிச்சையும், மற்றவர்களுக்கு வெட்டு மட்டும் போட்டு உள்ளே எதையும் வெட்டாத போலிச் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு இரு தரப்பினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பலன்தான். ஆகவே, வலி மட்டும் உங்கள் பிரச்சினையாக இருந்திருந்தால், இந்தச் சிகிச்சையை நானே பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

(இங்கே நிறுத்தவும். "இந்தச் சிகிச்சையால் எது சரியாகும், எது சரியாகாது என்று நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் சொல்ல முடியுமா?" என்று கேட்கவும். இரண்டும் குழம்பியிருந்தால் மேலே தொடராமல் மீண்டும் விளக்கவும்.)

சிகிச்சையின்போது உங்களை முழுமையாகத் தூங்க வைப்பார்கள். அல்லது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். இதைப் பற்றி மயக்க மருத்துவர் உங்களுடன் தனியாகப் பேசுவார். முழங்காலின் முன்புறத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துளைகள் போட்டு, ஒன்றின் வழியாகச் சிறிய கேமராவையும் மற்றொன்றின் வழியாகக் கருவிகளையும் செலுத்தி வேலை செய்வோம். பொதுவாக முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். ஆனால் உங்களை அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

உள்ளே பார்த்த பிறகுதான் உறுதியாகத் தெரியும் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கான உங்கள் முடிவு எனக்கு இப்போதே தேவை. மெத்தையின் வெளி ஓரத்தில்தான் இரத்த ஓட்டம் உண்டு. கிழிவு அங்கே இருந்து, திசுவும் நன்றாக இருந்தால் தையல் போடலாம்; இல்லாவிட்டால் கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுப்போம். வெட்டி எடுத்தால் அன்றைக்கே காலை ஊன்றி நடக்கலாம், மூன்று முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மெத்தை குறைவதால் தேய்மானம் பின்னாளில் விரைவுபடக்கூடும். தையல் போட்டால் மெத்தை மிஞ்சும். அதற்குப் பதிலாக ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஊன்றுகோலும் முழங்கால் பட்டையும் தேவைப்படும், சம்மணம் போடுவதையும் குந்தி உட்காருவதையும் சில மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும், கடையில் நாள் முழுக்க நிற்க மூன்று மாதங்கள்கூட ஆகலாம். அப்படியும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தையல் ஒட்டாமல் போய், மறுபடியும் சிகிச்சை தேவைப்படுகிறது. மருத்துவ விடுப்புச் சான்றிதழ் தருவேன். ஆனால் சொந்தக் கடை நடத்துபவருக்கு அது சம்பளத்தை ஈடுகட்டாது என்பது எனக்குத் தெரியும். அத்தனை நாள் கடையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை யோசித்து, தையலுக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்லுங்கள்.

இனி ஆபத்துகள். வீக்கமும் இலேசான வலியும் சில வாரங்கள் இருக்கும். இதை எல்லோருக்கும் வருவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப்போவது உண்டு, சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருந்துவிடும். மூட்டுக்குள் இரத்தம் தேங்குவதும், முழங்கால் விறைத்துக்கொள்வதும் அவ்வப்போது நடக்கின்றன. மூட்டுக்குள் கிருமித்தொற்று நூறில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வந்தால் மீண்டும் அறுவை சிகிச்சையும் வாரக்கணக்கில் மருந்தும் தேவைப்படும். நீரிழிவு இருப்பதால் உங்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிவைப்பேன்; அதில் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதும் அரிதே. ஆனால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குள் சென்னைக்கோ வேறெங்கோ விமானப் பயணம் வைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பெரிய இரத்தக் குழாயோ நரம்போ காயப்படுவது மிக மிக அரிது. எல்லாம் ஒழுங்காக நடந்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

அறுவை சிகிச்சை இல்லாமலும் வழிகள் இருக்கின்றன. இயன்முறை மருத்துவரிடம் சுமார் மூன்று மாதங்கள் தொடையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்து பார்க்கலாம். தேய்மான வலிக்கு இதுவே முதல் மருந்து, சிகிச்சை செய்துகொண்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி குறையலாம். ஆனால் உங்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும். எதுவுமே செய்யாமல் இருப்பதும் உங்கள் உரிமைதான். அப்படி இருந்தால் கால் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. விலகிய துண்டு பக்கத்துக் குருத்தெலும்பை உராய்ந்து கெடுக்கவும் வாய்ப்புண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி உங்கள் மகன் கேட்டார். உங்கள் முழங்கால் அந்த நிலைக்கு வரவில்லை.

(மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னால், "அம்மாவின் விருப்பத்தை அவர் வாயால் கேட்க வேண்டும்" என்று பணிவாகச் சொல்லவும்.)

செலவு குறித்து, மெடிசேவ் சேமிப்பிலும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியிலும் எவ்வளவு எடுக்கலாம், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை நிதி ஆலோசகர் எழுத்தில் தருவார். அதைப் பார்க்காமல் தேதி குறிக்க வேண்டாம்.

இரத்தத்தை இளக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், சீன மருந்து, நாட்டு மருந்து எது எடுத்தாலும் தாதியிடம் சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், முழங்காலில் சூடும் சிவப்பும் கூடுதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே எங்களை அழையுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை, மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்களுக்குத் தரும் மற்றச் சிகிச்சை எதுவும் குறையாது. இப்போது இரண்டு கேள்விகள் அம்மா. ஆர்த்ரோஸ்கோப்பி செய்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது முதலில் பயிற்சி செய்து பார்க்கிறீர்களா? செய்துகொள்வதென்றால், உள்ளே தையல் போடும் நிலை இருந்தால் போடலாமா, அல்லது வெட்டி எடுப்பதோடு நிறுத்த வேண்டுமா?

(பதிலை நோயாளியின் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதவும். சம்மதித்தால் படிவத்தில் "இடது முழங்கால்" என்று எழுதியிருப்பதை அவரே பார்த்து உறுதிசெய்த பின் கையெழுத்து வாங்கவும். யோசிக்க அவகாசம் கேட்டால், இரண்டு வாரங்களுக்குள் மறுசந்திப்பு ஏற்பாடு செய்து, இந்த உரையின் பிரதி ஒன்றைக் கொடுத்தனுப்பவும்.)