ஜூன் முதல் அக்டோபர் வரைக்கான டியூஷன் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு

சுங்கை சிப்புட், ஜூன் 8

வணக்கம் சார்,

ஐந்தாம் படிவம் படிக்கும் துர்காவின் அம்மா எழுதுகிறேன். ஜனவரியில் எஸ்.பி.எம். வகுப்புக்கு மாதம் 180 வெள்ளி என்று பத்து மாதத்துக்கும் சேர்த்து 1,800 வெள்ளி கட்டினேன். மொத்தமாகக் கட்டினால்தான் இடம் என்று கவுண்டரில் சொன்னதால் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. மே மாதக் கடைசி வரை பிள்ளை வந்தாள், அதற்கு மேல் வரவில்லை, இனி வரவும் மாட்டாள்.

காரணம் உங்களுக்கே தெரியும். மாலை 4 மணிக்கு இருந்த கூடுதல் கணிதமும் இயற்பியலும் மே நடுவில் இரவு 8.30க்கு மாறின, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, குழுவில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. வகுப்பு முடிய பத்தரை ஆகிவிடுகிறது. டவுனிலிருந்து எங்கள் லயன் வரைக்கும் செம்பனைக்கு நடுவில் போகும் மண்சாலையில் ஒரு விளக்குகூடக் கிடையாது, மழை பெய்தால் மோட்டார் சைக்கிள் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும், அவள் அப்பாவுக்கோ மில்லில் இரவு ஷிப்ட். பதினேழு வயதுப் பெண்ணை அந்த நேரத்தில் யாரை நம்பி அனுப்புவது? மே மாதத்திலேயே இதை வாட்ஸ்அப்பில் எழுதினேன், "பாஸைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது, அதோடு சரி.

நடந்த ஐந்து மாதத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பதிவுக் கட்டணமும் புத்தகக் காசும் உங்களுடையதாகவே இருக்கட்டும். மீதி ஐந்து மாதத்துக்கு 900 வெள்ளி வருகிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், இப்படித் தொடர்ந்து தரும் சேவையை இடையில் நிறுத்தும்போது மொத்த விலையில் 5 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது, அந்த 90 வெள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள். 810 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள்.

ரசீதுக்கு அடியில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன் சார். ஆனால் நேரத்தை மாற்றியது நீங்கள். நடத்தாத பாடத்துக்கும் உட்காராத நாற்காலிக்கும் தோட்டத்துப் பிள்ளையின் காசை வைத்துக்கொள்வது நியாயமே இல்லை. அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அவளைப் பக்கத்தில் பகல் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சரிடம் சேர்க்க முடியும், பரீட்சைக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதம் 22ஆம் தேதிக்குள் பணத்தை ஜனவரியில் நான் எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினேனோ அதே வங்கிக் கணக்குக்கே போட்டுவிடுங்கள். வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன், அதற்கு 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீலும் தேவையில்லை. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. பேச வேண்டுமென்றால் மாலை 3 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை வேலையில் இருப்பேன்.

ரசீது, நேர மாற்ற மெசேஜ், என் மே மாத மெசேஜ், மூன்றின் நகலும் இதோடு இருக்கின்றன.

இப்படிக்கு,
துர்காவின் அம்மா