முறுக்குத் தயாரிப்புத் தொழில்: திட்ட அறிக்கையும் கடன் திருப்பிச் செலுத்தும் அட்டவணையும்

திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் வட்டாரம். 12 உறுப்பினர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழு. காலம்: ஏப்ரல் 2026 முதல் ஜனவரி 2029 வரை.

என்ன செய்யப் போகிறோம்

அச்சு முறுக்கு மட்டும். தட்டை, சீடை, அதிரசம் எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் ஆண்டில் ஒரே பண்டம்தான். நான்கு பண்டம் செய்தால் நான்கு வகை மூலப்பொருளில் பணம் முடங்கும், எதிலும் கை படியாது. மாதம் 20 நாள் வேலை, நாளுக்கு 18 கிலோ, ஆக மாதம் 360 கிலோ. ஒரு நாளைக்கு நான்கு பேர் வீதம் முறை வைத்து ஐந்து மணி நேரம் வேலை. மற்றவர்கள் கடைகளுக்குக் கொண்டு போவது, கணக்கு, வாரச்சந்தை விற்பனை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

முதலீடு

மாவரைக்கும் பல்வரைசர் 38,000. மாவு பிசையும் இயந்திரம் (10 கிலோ) 32,000. பித்தளை முறுக்கு உரல் ஆறு, 7,200. இரட்டை அடுப்பும் இரும்பு வாணலிகளும் 18,000. எண்ணெய் வடிக்கும் சுழல் இயந்திரம் 28,000. உறை ஒட்டும் இயந்திரம் 24,000. தராசு இரண்டு, 7,000. எவர்சில்வர் மேசை, தட்டு, அலமாரி 30,000. கூடத்துக்கு ஓடு, வலை, புகைபோக்கி விசிறி, குழாய் 45,000. மின் வேலை 12,000. மொத்தம் ₹2,41,200.

மோட்டாரில் பிழியும் இயந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்துள்ளோம். 18 கிலோவுக்கு கைப்பிழியே போதும். அந்த இயந்திரத்துக்குப் போகும் பணம் உறுப்பினரின் கூலியாக வந்தால்தான் இந்தத் தொழிலுக்கு அர்த்தம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள் அச்சு, முதல் உறைகளுக்கு ₹10,000. நடைமுறை மூலதனம் ₹1,08,800: ஒரு மாதச் செலவு ₹76,740, கடைகளில் பதினைந்து நாள் நிற்கும் பாக்கி சுமார் ₹30,240, மீதம் ₹1,820 கையிருப்பு. ஆக மொத்தத் திட்டச் செலவு ₹3,60,000. இதில் குழுச் சேமிப்பிலிருந்து ஆளுக்கு ₹5,000 வீதம் ₹60,000, வங்கிக் கடன் ₹3,00,000.

கடன் தொகையை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்க மாட்டோம். குழுத் தொழில்கள் நொடிப்பது பெரும்பாலும் இங்கேதான்: பணம் பன்னிரண்டு வீட்டுக்குப் போய்விடும், இயந்திரம் வராது, தவணை மட்டும் வரும். இயந்திர விலை குழுக் கணக்கிலிருந்து நேரே விற்பனையாளர் கணக்குக்குப் போகும்.

10 கிலோ முறுக்குக்கான அளவும் அடக்கமும்

பச்சரிசி 6 கிலோ (₹270), உளுந்து 1.5 கிலோ (₹195), தவிட்டு எண்ணெய் 3 லிட்டர் (₹450), உப்பு, எள், ஓமம், பெருங்காயம் (₹60), எரிவாயு (₹120), மின்சாரம் (₹20), 200 கிராம் உறை 50 (₹125). மொத்தம் ₹1,240, அதாவது கிலோவுக்கு ₹124. கூலி கிலோவுக்கு ₹55. ஆக அடக்கம் ₹179.

தவறுவது எங்கே என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். உளுந்தைச் சிறுதீயில், பொன்னிறம் வந்ததும் நிறுத்தி வறுக்க வேண்டும். கருகினால் கசக்கும், வறுபடாவிட்டால் முறுக்கு கடினமாகும். மாவைச் சலிக்காமல் பிசைந்தால் கட்டியோ, உள்ளே சிக்கிய காற்றோ எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும், கையைச் சுட்டுவிடும். பிசைந்த மாவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் சிவந்துபோகும். ஆகவே ஒரு தடவைக்கு 3 கிலோ மாவுக்கு மேல் பிசைவதில்லை. எண்ணெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும், அப்போது 3 லிட்டர் 4 ஆகும், லாபம் அங்கேயே போய்விடும். சூடான முறுக்கை உறையில் அடைத்தால் உள்ளே வேர்த்து மறுநாளே நமத்துப்போகும்; தட்டில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே அடைப்போம். நுரை அடங்காத, கறுத்த எண்ணெயைப் புது எண்ணெயோடு கலக்க மாட்டோம்.

உறையில் பண்டத்தின் பெயர், சேர்மானம், எடை, விலை, தயாரித்த நாள், தொகுதி எண், எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும் என்ற தேதி, சைவக் குறி, முகவரி, 14 இலக்கப் பதிவு எண் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு உறை எடுத்து 45 நாள் வைத்துப் பார்ப்போம்.

விற்பனையும் மாத வரவு செலவும்

200 கிராம் உறையின் விலை ₹60. கடைக்கு ₹48. எழுபது பங்கு கடைக்கு, முப்பது பங்கு நேரடியாகப் போகும். சராசரி கிலோவுக்கு ₹258. 360 கிலோவுக்கு ₹92,880. ஆண்டு விற்பனை ₹11,14,560. இந்த அளவு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்பின் அடிப்படைப் பதிவே போதும்.

உற்பத்திச் செலவு ₹64,440, வாடகை ₹3,000, போக்குவரத்து ₹3,500, உடைவும் திரும்புவதும் விற்பனையில் சுமார் 3 விழுக்காடாக ₹2,800, பழுது ஒதுக்கீடு ₹1,500, இதர ₹1,500. மொத்தம் ₹76,740. மிச்சம் ₹16,140. தவணை அதிகபட்சம் ₹11,750.

மாதம் 300 கிலோ விற்றால் தவணைக்குச் சரியாக இருக்கும். 270 கிலோவுக்கு இறங்கினால் சுமார் ₹2,000 துண்டு விழும். எண்ணெய் லிட்டருக்கு ₹20 ஏறினால் மாதம் ₹2,160 கூடுதல், அதைத் தாங்கும். கடைப் பாக்கி ₹2,000 தாண்டினால் அந்தக் கடைக்கு அடுத்த சரக்கு இல்லை. இந்த ஒரு விதியில் உறவுமுறை பார்க்க மாட்டோம்.

திருப்பிச் செலுத்தும் அட்டவணை

கடன் ₹3,00,000, ஆண்டு வட்டி 7 விழுக்காடு, குறையும் நிலுவை மீது. ஏப்ரல் 2026-ல் இயந்திரம் பொருத்துவது. மே, ஜூன், ஜூலையில் முறையே 150, 220, 300 கிலோ. இந்த மூன்று மாதமும் வட்டி மட்டும், மாதம் ₹1,750. ஆகஸ்ட் 10 முதல் ஒவ்வொரு மாதம் 10-ஆம் தேதி அசல் ₹10,000, அதோடு வட்டி. வட்டி மாதம் தோறும் ₹58.33 குறையும்.

| காலம் | அசல் | வட்டி | மாதத் தவணை | முடிவு நிலுவை |
|---|---|---|---|---|
| மே – ஜூலை 2026 | 0 | 5,250 | 1,750 | 3,00,000 |
| ஆகஸ்ட் 2026 – ஜனவரி 2027 | 60,000 | 9,625 | 11,750 முதல் 11,458 | 2,40,000 |
| பிப்ரவரி – ஜூலை 2027 | 60,000 | 7,525 | 11,400 முதல் 11,108 | 1,80,000 |
| ஆகஸ்ட் 2027 – ஜனவரி 2028 | 60,000 | 5,425 | 11,050 முதல் 10,758 | 1,20,000 |
| பிப்ரவரி – ஜூலை 2028 | 60,000 | 3,325 | 10,700 முதல் 10,408 | 60,000 |
| ஆகஸ்ட் 2028 – ஜனவரி 2029 | 60,000 | 1,225 | 10,350 முதல் 10,058 | 0 |

மொத்த வட்டி ₹32,375. மானியம் கிடைத்தால் அசலில் கழித்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட மானியம் சேர்க்கவில்லை.

மே முதல் ஜூலை வரை வட்டி போக ₹13,994 நிற்கும். முதல் தவணை அதிலிருந்து போகும். அதன்பின் மாதம் சுமார் ₹4,500 வீதம் சேர்ந்து, ஜனவரி 2027 தவணை கட்டியதும் கையிருப்பு ₹25,000 ஆகும். இது இரண்டு தவணைக்கான காப்பு. அதுவரை லாபப் பங்கு கிடையாது, கூலி மட்டும். காப்பைத் தொட்டால், திரும்ப நிரம்பும்வரை பங்கு நிற்கும்.

கணக்கும் பொறுப்பும்

தொழில் கணக்கு சேமிப்புக் கணக்கிலிருந்து தனி. பணம் எடுக்க இருவர் கையொப்பம். வாரக் கூட்டத்தில் நான்கு எண்கள் உரக்க வாசிக்கப்படும்: செய்த கிலோ, விற்ற கிலோ, கடைப் பாக்கி, எண்ணெய்ச் செலவு. பத்து கிலோவுக்கு எண்ணெய் 3 லிட்டரைத் தாண்டிய வாரத்தில் வாணலிச் சூட்டைத்தான் முதலில் பார்ப்போம். முந்தைய மாதம் 25-ஆம் தேதிக்குள் தவணைப் பணம் கணக்கில் இல்லையென்றால் அன்றே கூட்டம் கூட்டி வங்கிக்கும் தெரிவிப்போம்; தவணை நாள் தாண்டிய பிறகு சொல்வதில்லை.

12 உறுப்பினரும் கூட்டத்தில் இருந்து இந்தத் திட்டத்தை வாசித்துக் கேட்டு ஏற்றுக்கொண்டோம். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு அனைவரும் கையொப்பமிட்டுள்ளோம்.