ஏற்காடு பயணம்: காரில் இருக்க வேண்டியவை

வண்டி: வெள்ளை ஸ்விஃப்ட், பெட்ரோல். ஓட்டுவது தம்பி. முன்சீட்டில் சித்தப்பா, பின்சீட்டில் பாட்டி, சித்தி, குட்டிப்பாப்பா.
புறப்பாடு: சனிக்கிழமை காலை 5.30, சூரமங்கலம் வீட்டிலிருந்து. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்றம். ஞாயிறு காலை சேர்வராயன் கோயில், மதியம் குப்பனூர் வழியாக இறக்கம்.
தயாரித்தது: பெரியப்பா. சரிபார்க்க வேண்டியது: தம்பி, வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே, இதற்கு இத்தனை சாமானா என்று சித்தி கேட்பாள். தூரம் கணக்கில்லை. இருபது கொண்டை ஊசி வளைவில் பதினான்காவதில் வண்டி நின்றால், பனிமூட்டம், செல்போனில் சிக்னல் இல்லை, பின்சீட்டில் பாட்டி. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்தப் பட்டியல். அதனால் பொருள்களை வகை பிரித்து எழுதவில்லை. எது முதலில் கைக்கு வரவேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். எடுத்து வைத்ததும் கட்டத்தில் டிக் போடு. "இருக்கும்" என்று நினைத்துப் போடாதே, தொட்டுப் பார்த்துப் போடு.

டிரைவர் கைக்கு எட்டுமிடத்தில்

☐ கண்ணாடி உடைக்கும் சுத்தியல், சீட் பெல்ட் அறுக்கும் கத்தி சேர்ந்தது. கதவுப் பையில். டிக்கியில் வைத்தால் அது இருந்தும் இல்லாத மாதிரி.
☐ டார்ச், புது பேட்டரியோடு. தலையில் மாட்டுகிற வகை இருந்தால் அதையே வை. ஜாக்கி பிடிக்க இரண்டு கையும் வேண்டும். செல்போன் லைட்டை நம்பாதே, அந்தச் சார்ஜ் பேசுவதற்கு.
☐ கண்ணாடி துடைக்கப் பழைய பருத்தித் துணி. மூட்டத்தில் உள்பக்கமும் வேர்க்கும். ஏசியை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் தெளியும்.
☐ தீயணைப்பான், ஒரு கிலோ பவுடர் வகை. சித்தப்பா சீட்டுக்கு அடியில், உருளாமல் கட்டி. முள் பச்சையில் நிற்கிறதா பார்.
☐ பாட்டிக்கும் பாப்பாவுக்கும் வாந்திக் கவர்கள் நான்கு, ஒரு எலுமிச்சை. ஐந்தாவது வளைவுக்குள் தேவைப்படும்.

டாஷ்போர்டு பெட்டியில்: காகிதங்கள்

ஜிப் வைத்த ஒரே கவரில் எல்லாம். போலீஸ் கேட்கும்போது சீட்டுக்கடியில் துழாவக் கூடாது.

☐ ஆர்.சி. ஸ்மார்ட் கார்டு. சித்தப்பா பெயரில் இருக்கிறது. நீ ஓட்டுவதில் தடையில்லை.
☐ இன்சூரன்ஸ் பிரிண்ட். முதல் பக்கம் மட்டுமல்ல, பாலிசி எண்ணும் முடியும் தேதியும் உள்ள பக்கம். வழியுதவி சேர்த்து எடுத்திருக்கிறோம், அந்த எண் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பேனாவால் வட்டம் போடு.
☐ மாசுச் சான்று. எல்லோரும் மறப்பது இதைத்தான். தேதி முடிந்திருந்தால் வெள்ளிக்கிழமையே பெட்ரோல் பங்க் பக்கத்தில் எடுத்துவிடு, பத்து நிமிட வேலை.
☐ உன் லைசென்ஸ், அசல். சித்தப்பாவுடையதும். உனக்குத் தலைவலி வந்தால் அவர்தான் இறக்கவேண்டும்.
☐ டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் இவை எல்லாம் தெரிகிறதா என்று வீட்டு வைஃபையில் திறந்து பார். அதில் காட்டினாலும் சட்டப்படி செல்லும். ஆனால் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் காகிதமும் வேண்டும்.
☐ ஒரு அட்டையில் பெரிய எழுத்தில்: அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, என் நம்பர், நம் மெக்கானிக் நம்பர், தங்கும் இடத்தின் நம்பர். பாட்டியின் மாத்திரைப் பெயர்களும் ரத்த வகையும் அதே அட்டையில். 1033 என்பது தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு. ஏற்காடு மலைப்பாதை அதில் சேராது, அதை நம்பி நிற்காதே.
☐ கையேடு. ஃப்யூஸ் எது எங்கே என்று அதில்தான் படம் இருக்கிறது. கூடவே ஃப்யூஸ்கள், ஒவ்வொரு அளவிலும் ஒன்று. வைப்பர் ஃப்யூஸ் மழையில் போனால் நகர முடியாது.

டிக்கியில், துணிப்பைகளுக்கு மேலே

மேலே என்றால் மேலேதான். நின்றவுடன் வேண்டியவை இவை.

☐ எச்சரிக்கை முக்கோணம். நேர்ரோட்டில் ஐம்பது மீட்டர் பின்னால் வைக்கலாம். மலையில் கணக்கு வேறு: வளைவு தாண்டி நின்றிருந்தால், முக்கோணம் வளைவுக்கு முன்னால் போகவேண்டும், வருகிறவன் திரும்புவதற்கு முன்பே பார்க்கும்படி. லாரிக்காரர்கள் தழை ஒடித்துப் போடுவார்கள், அதுவும் நல்லது. கல் அடுக்கினால் கிளம்பும்போது ஞாபகமாக எடுத்துப் போடு. விட்டுவிட்டுப் போன கல்லில்தான் இரவு பைக்காரன் விழுகிறான்.
☐ மினுக்கும் பச்சைச் சட்டை இரண்டு. டயர் மாற்றுகிறவன் ஒன்று, ரோட்டில் கைகாட்டுகிறவன் ஒன்று.
☐ முதலுதவிப் பெட்டி: பேண்டேஜ், காஸ் துணி, ஒட்டும் பிளாஸ்திரி, கிருமிநாசினி, கத்தரி, கையுறை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு, பாராசிட்டமால். பெட்டியைத் திறந்து தேதி பார். வண்டியோடு வந்த பெட்டியில் பாதி காலாவதி.
☐ பாட்டியின் பிரஷர் மாத்திரை, கூடுதலாக இரண்டு நாளுக்கு. சித்தியின் கைப்பையில் இருப்பது போதாது.
☐ கம்பளி ஒன்று, குடை இரண்டு. மேலே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். அடிவாரத்தில் வேர்த்தவர்கள் மேலே நடுங்குவார்கள்.
☐ குடிதண்ணீர் ஐந்து லிட்டர், பிஸ்கட், கடலை மிட்டாய். மூடிய டப்பாவில். நின்ற இடத்தில் ஜன்னல் திறந்திருந்தால் குரங்கு உள்ளே வந்து பையோடு போகும்.

ஸ்டெப்னியும் அதைச் சேர்ந்தவையும்

இந்தப் பகுதியை வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் ஒருமுறை நிஜமாகவே செய்து பார்க்கணும். படித்தால் போதாது.

☐ ஸ்டெப்னியில் காற்று. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவைவிட மூன்று நான்கு பாயிண்ட் கூடவே வை. கூட இருந்தால் இறக்கிக்கொள்ளலாம், குறைந்திருந்தால் மலையில் ஏற்ற ஆளில்லை. காற்றடிக்கிற பையன் நான்கு சக்கரம் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். "டிக்கியையும் பாருப்பா" என்று நீதான் சொல்லணும்.
☐ ஸ்டெப்னி பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஓடாமலே கிடந்த டயரும் ரப்பர் வெடித்துப்போகும். விரிசல் தெரிந்தால் என்னைக் கூப்பிடு.
☐ ஓடுகிற நான்கின் பள்ளமும் பார்: 1.6 மில்லிமீட்டர் சட்டத்தின் எல்லை. ஈரமான மலைக்கு அது போதாது.
☐ ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பேனர். மூன்றும் இருக்கணும். கைப்பிடி இல்லாத ஜாக்கி வெறும் இரும்பு.
☐ ஸ்பேனர் மேல் மாட்ட ஒரு முழ நீள இரும்புக் குழாய். டயர் கடையில் நட்டை மெஷினால் முறுக்கிவிடுகிறார்கள், வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனருக்கு அது அசையாது. குழாய் போட்டால் சித்தப்பாவே கழற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்த்து மறுபடி இறுக்கு.
☐ மரக்கட்டை இரண்டு, ஆப்பு மாதிரிச் செதுக்கியது. மரக்கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.
☐ ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகைத் துண்டு. ரோட்டோர மண் மழையில் குழைந்திருக்கும்.
☐ கையுறை, பழைய பெட்ஷீட்.
☐ டியூப்லெஸ் பங்சர் கிட், பன்னிரண்டு வோல்ட் காற்றுப் பம்பு. ஆணி ஏறினால் இதுவே போதும், ஸ்டெப்னியைத் தொடவேண்டாம். ஆனால் மலைப்பாதை ஓரக் கல்லில் உரசினால் டயர் கிழிவது பக்கவாட்டில். அங்கே திரி நிற்காது. பம்பு இருக்கிறதே என்று ஸ்டெப்னியை வீட்டில் இறக்கிவைத்துப் பெட்டிக்கு இடம் பண்ணுவதாகச் சித்தப்பா சொன்னால், கேட்காதே.

மாற்றும் முறை, தாளில் இருக்கட்டும்: சரிவில் தூக்காதே. அகலமான சமதளம் வரும்வரை மெல்ல உருட்டு. டயர் நாசமானால் ஆகட்டும். எல்லோரும் இறங்கி மலைச்சுவர்ப் பக்கம் நிற்கணும், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். கைபிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்து, பிறகு தூக்கு. கதவுக்கடியில் வெட்டு வைத்த இடத்தில்தான் ஜாக்கி. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளு; ஜாக்கி சரிந்தாலும் உன் கைமேல் விழாது. நட்டை எதிரெதிராக இறுக்கு. ஏற்காடு ஏரி வந்ததும் நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்.

அடியில், கருவிப் பையில்

☐ ஸ்பேனர் செட், இரண்டு முனையிலும் மாற்றிப் போடுகிற ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, சிப்-டை. இதற்குமேல் தெரியாதவன் கையில் கருவி ஆபத்து.
☐ ஜம்பர் கேபிள். வரிசை: சிவப்பு செத்த பேட்டரி பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரி பிளஸில், கறுப்பு நல்ல பேட்டரி மைனஸில், கடைசி முனை நம் எஞ்சின் இரும்பில். செத்த பேட்டரி மைனஸில் அல்ல, அங்கே பொறி பறக்கும்.
☐ இழுவைக் கயிறும், பம்பரில் திருகுகிற கொக்கியும். கொக்கி ஜாக்கிப் பக்கத்தில் இருக்கும், இருக்கிறதா பார்.
☐ கூலண்ட் ஒரு லிட்டர். முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, அரைமணி உட்கார். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதே.

வெள்ளிக்கிழமை மாலை

☐ டேங்க் நிரப்பு, சேலத்திலேயே.
☐ பிரேக் ஆயில் அளவு, வைப்பர் ரப்பர், ஹெட்லைட் இரண்டும், பிரேக் லைட். சித்தியைப் பின்னால் நிற்கவைத்துப் பார்.
☐ மழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அதற்கு எந்தக் கிட்டும் உதவாது.
☐ இறக்கத்தில் இரண்டாம் கியர், பிரேக்கில் கால் வைத்தே இருக்காதே. கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடு, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு, குப்பனூர் பாதையில் கண்டிப்பாக, அது குறுகல்.
☐ இரண்டாவது சாவி சித்தியின் கைப்பையில். காருக்குள் அல்ல.