‘பொன்னகரம்’: கதைசொல்லி, வழக்கு, களம்

தமிழ் சிறப்புக் கற்கை, இரண்டாம் ஆண்டு ஒப்படை, கொழும்பு

வினா: நவீன தமிழ்ச் சிறுகதை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் கதைசொல்லி, பேச்சு வழக்கு, களம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்து தொழிற்படுகின்றன என ஆராய்க.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடியில் வெளிவந்தது. சில நிமிடங்களில் வாசித்து முடிக்கக்கூடிய கதை. ரயில் பாதையோரச் சந்தொன்றில் மில் கூலி அம்மாளு, ஜட்கா ஓட்டும் புருஷன் முருகேசன், அவனது தாய், தம்பி, குதிரை என ஐந்து பேர் கொண்ட குடும்பம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதில் முருகேசனுக்குப் பலத்த அடி. அவன் பால் கஞ்சி கேட்கிறான். கூலி கிடைக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போன அம்மாளு, நெடுநாளாகத் தன்மேல் கண் வைத்திருந்த ஒருவனுடன் இருளில் மறைந்து, முக்கால் ரூபாயுடன் திரும்புகிறாள்.

இக்கதை பற்றிய பேச்சு பெரும்பாலும் கற்பைக் குறிப்பிடும் இறுதி வரியிலேயே நின்றுவிடுகிறது. அந்த வரிக்கு வலுவைத் தருவது அதற்கு முன்னால் உள்ள அமைப்பு. கதையின் முற்பகுதி ஒரு தலபுராணத்தின் சாயலில் கட்டப்பட்டிருக்கிறது என்பதும், அதனாலேயே கதைசொல்லி, வழக்கு, களம் மூன்றும் இப்படி அமைந்தன என்பதும் இவ்வொப்படையின் வாதம்.

களத்திலிருந்து தொடங்குவோம். தலபுராணம் முதலில் ஊரின் பெயரைச் சொல்லும். பின்னர் அங்கு போகும் வழி, நதி, தீர்த்தம், அங்கு வாழ்வோர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் அங்கு நடந்த அற்புதத்துக்கு வரும். ‘பொன்னகரம்’ ஏறத்தாழ இதே வரிசையில் நகர்கிறது. முதல் வாக்கியத்திலேயே ஊரின் பெயர் வந்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்தில் ‘நமது பௌராணிகர்கள்’ வருகிறார்கள். சேரி ‘திவ்வியப் பிரதேசம்’ ஆகிறது. அதைப் பார்க்கப் போவதில்லை, ‘தரிசிக்க’ப் போகிறோம். சாக்கடை ‘முனிஸிபல் கங்கை’ என்று பெயர் பெறுகிறது. உடனே கதைசொல்லி தன்னைத் திருத்திக்கொண்டு, ‘யமுனைதானே கறுப்பாக இருக்கும்?’ என்கிறான். தண்ணீர்க் குழாயடிச் சண்டை ‘பாரதப் போர்’. இவற்றை வெறும் கிண்டல் என்று குறித்துவிட்டுக் கடந்தால் பகுப்பாய்வு அங்கேயே முடிந்துவிடும். புனிதச் சொற்கள் ஒவ்வொன்றும் நகரசபை செய்யாமல் விட்ட ஒரு வேலையின் மேல் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்: வடிகால், குழாய், விளக்கு. விதி, பூர்வ புண்ணியம் என்று சமாதானம் சொல்லும் மொழி எந்த நிருவாகத் தவறை மூடிவைக்கிறது என்பதைச் சொல்தேர்வே காட்டிக்கொடுக்கிறது.

களம் நிகழ்வை எப்படி நடத்துகிறது என்பதை விளக்கு என்ற ஒரே பொருளை வைத்து மிகக் கிட்டத்தில் காணலாம். தொடக்கத்தில், மின்சார விளக்கு உண்டா என்ற கேள்விக்குக் கதைசொல்லி ‘ஞாபகமில்லை’ என்கிறான். நிலவு இல்லாத காலத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் போதாதா என்று கேட்கிறான். முதல் வாசிப்பில் இது போகிற போக்கில் சொன்ன குத்தலாகத்தான் தெரியும். இறுதிப் பகுதியில் அதே விளக்கு திரும்பி வருகிறது. கும்மிருட்டு. பஞ்சாங்கப்படி அன்று சந்திரன் வர வேண்டும். அது மேகத்தில் மறைந்துகொண்டால் முனிஸிபாலிடி என்ன செய்யும்? பஞ்சாங்கத்தில் நிலவு இருப்பதால் தெருவில் விளக்கு இல்லை. மேகம் இருப்பதால் நிலவும் இல்லை. அந்த இருளில்தான் இருவரும் மறைகிறார்கள்.

இதில் மழைக்கும் பங்குண்டு. சிறு தூறல் விழும் நேரத்தில் வந்தால்தான் இவ்விடம் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று கதைசொல்லி முன்பே நமக்குச் சொல்லியிருந்தான். நமக்குப் பரிந்துரைத்த அதே மேகமூட்டம்தான் அம்மாளுவின் இரவையும் மூடுகிறது. தொடக்க வருணனை முழுவதும் முடிவுக்கான ஆயத்தம். இதைக் காணாதவர்கள் முதல் பாதியை ‘சூழல் வருணனை’ என்று தனியே ஒதுக்கி, நிகழ்வு பின்பாதியில்தான் தொடங்குகிறது என்று எழுதுவார்கள். உண்மையில் நிகழ்வுக்கான காரணம் முதல் பாதியில் முழுமையாக வந்துவிடுகிறது.

இனி கதைசொல்லி. அவனைப் புதுமைப்பித்தன் என்றே எழுதிவிடுவது இவ்வகை ஒப்படைகளில் பொதுவாக நேரும் பிழை. இங்கே பேசுபவன் ஒரு வழிகாட்டி. இடம் அவனுக்குத் தெரியும். ஆனால் அங்கு வசிப்பவன் அல்லன். ‘ஞாபகமில்லை’ என்ற சொல் அவன் வந்துபோனவன் என்பதைக் காட்டிவிடுகிறது. அவன் முன்னால் படித்த, நகரத்து, ‘ஐயா’ என்று விளிக்கத்தக்க கேட்போன் ஒருவன் நிற்கிறான். கதை முழுவதும் அந்தக் கேட்போனை நோக்கிச் சொல்லப்படுகிறது. ஆகவே இதைத் தன்மைக் கூற்று என்றோ படர்க்கைக் கூற்று என்றோ மட்டும் வகைப்படுத்தினால் போதாது. முன்னிலையை நோக்கிய விளிப்பே இக்கதையின் முதுகெலும்பு.

அந்த விளிப்பு ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. தொடக்கத்தில் ‘கேட்டிருக்கிறீர்களா?’ என்று மரியாதைப் பன்மை. பசியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது ‘பாடுகிறீரே’, ‘நீர்’, ‘உமக்கு’ என்று மாறுகிறது. இறுதியில் ‘கதைக்கிறீர்களே’ என்று மீண்டும் பன்மை. நடுவில் நிகழும் இந்த இறக்கம் தற்செயலானதாகத் தெரியவில்லை. கதைசொல்லி தன் வழிகாட்டி நிதானத்தை இழந்து, கேட்போன் ஒருவனை மட்டும் தனியே பிடித்து நிறுத்தும் இடம் இது ஒன்றுதான்.

அங்கே அவன் சுட்டுவது நல்வழிப் பாடல். பசி வந்தால் பறந்துபோகும் பத்தை அப்பாடல் பட்டியலிடுகிறது: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, இறுதியாக, தேன்போலப் பேசும் பெண்கள்மேல் ஆசை. பட்டியல் முழுவதும் ஆணின் நிலையிலிருந்து சொல்லப்பட்டிருப்பதைப் பத்தாவது காட்டிவிடுகிறது. கற்பு அதில் இல்லை. கேட்போன் ஒய்யாரமாகப் பாடும் பாட்டில் அம்மாளுக்கு இடம் இல்லை; பசி அவளிடமிருந்து எதைப் பறிக்கும் என்று அப்பாட்டு எண்ணியும் பார்க்கவில்லை. கதையின் முடிவு அந்தப் பட்டியலின் பதினோராவது இடத்தை நிரப்புகிறது.

அம்மாளுவின் மனதுக்குள் கதைசொல்லி ஒருமுறைகூட நுழைவதில்லை. விபத்து இறந்தகாலத்தில் சொல்லப்படுகிறது. அம்மாளு தண்ணீருக்கு வருவது நிகழ்காலத்துக்கு மாறுகிறது. ‘வருகிறாள்’, ‘மறைகிறார்கள்’ என்று நம்மைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இருளின் விளிம்பில் தானும் நின்றுவிடுகிறான். அடுத்த வாக்கியத்தில் வேலை முடிந்திருக்கிறது: அவள் ‘சம்பாதித்து’விட்டாள். மில் கூலிக்கும் பொருந்தும் அதே வினை. கண்ணீர், வெட்கம், தயக்கம் எதையும் அவளுக்கு ஏற்றிச் சொல்லாததை, கதைசொல்லி அவளுக்குக் கொடுத்த மரியாதையாகவே கொள்ளலாம்.

வழக்குப் பற்றிய பகுதியில் பெரும்பாலானோர் பாத்திரங்களின் உரையாடலைத் தேடுவர். இங்கே அந்தத் தேடல் வெறுங்கையோடு திரும்பும். அம்மாளுவும் முருகேசனும் நேர்க்கூற்றாக எதுவும் பேசுவதில்லை. ரயிலைப் பார்த்துக் குழந்தைகள் கத்தும் ‘குட்மார்னிங் சார்!’ நேரே காதில் விழுகிறது. அதுவும் அவர்களுடைய மொழி அல்ல. சேரியின் பேச்சு சொற்களாக மட்டும் கதைசொல்லியின் வாக்கியங்களுக்குள் நுழைகிறது: ஜட்கா, மாமூல், தண்ணி போடுதல், டோக்கர் அடித்தல், டல் ஸீஸன். தமிழ், உருது, ஆங்கிலம் கலந்த இச்சொற்கள் வண்டிக்காரனின் தொழிலிலிருந்தும் பொலிஸுடனான அவனது உறவிலிருந்தும் வந்தவை. அவற்றுள் சில மேற்கோள் குறிக்குள் நிற்கின்றன. அந்தக் குறிகள், ‘இது என் சொல் அல்ல, அவர்கள் சொல்’ என்று விலகி நிற்கும் கதைசொல்லியின் அடையாளம்.

வட்டாரச் சாயல் தெரியும் இடம் அவனுடைய சொந்தப் பேச்சில்தான். ‘நீர்’, ‘உமக்கு’ என்ற வடிவங்கள் திருநெல்வேலிப் பேச்சில் உயிரோடிருப்பவை. புதுமைப்பித்தன் வளர்ந்த மண் அது. சேரிவாசிகளுக்குப் பேச்சு மறுக்கப்பட்ட கதையில், கோபம் வரும்போது கதைசொல்லியின் ஊர் வெளிவருகிறது.

‘அவனுக்குப் பால் கஞ்சி வேண்டுமாம்!’ என்ற வரியைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். அந்த ‘ஆம்’ பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் விகுதி. யார் சொன்னது? முருகேசன் கேட்டதை அம்மாளு யாரிடமோ சொல்லிச் சலித்துக்கொண்ட குரலாகவும் கேட்கலாம். காசில்லாத வீட்டில் அவன் கேட்டதைப் பார் என்ற கதைசொல்லியின் எரிச்சலாகவும் கேட்கலாம். இரண்டும் பொருந்தும். முதல் பொருளை ஏற்றால், கதையில் அம்மாளுவின் குரல் மிக அருகில் கேட்கும் இடம் இந்த ஒற்றை விகுதிதான்.

இதைக் கொழும்பிலிருந்து வாசிக்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது களம். தெமட்டகொடைப் பக்கம் தண்டவாள ஓரக் குடியிருப்புகளைக் கண்டவருக்கு இச்சந்து உடனே பிடிபடும். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஜட்காவும் பஞ்சாங்க நிலவும் பொருளிழக்கும். முக்கால் ரூபாயும் அப்படியே. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம். கதை நிகழும் இந்தியாவில் அன்று ரூபாய்க்கு 16 அணா. அம்மாளுவின் கையில் இருந்தது 12 அணா.

இரண்டாவது ‘நீர்’. யாழ்ப்பாணப் பேச்சில் அது அன்றாட நடுத்தர மரியாதை வடிவம். நண்பரிடமும் மாணவரிடமும் இயல்பாக வரும். அந்தக் காதோடு வாசித்தால், பசி பற்றிய பகுதியில் தொனி கீழிறங்குவது புலப்படாமலே போகும். முன்னும் பின்னும் வரும் பன்மை வடிவங்களோடு ஒப்பிட்டால்தான் இறக்கம் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!’ எங்களுக்குக் கதைத்தல் என்றால் பேசுதல். அதில் குற்றமில்லை, பரிகாசமில்லை. தமிழ்நாட்டு வழக்கில் அச்சொல்லுக்கு வீண்பேச்சு, கதையளப்பு என்ற நிறம் உண்டு. ‘கற்பைப் பற்றிப் பேசுகிறீர்களே’ என்று இலங்கைக் காது கேட்கும் இடத்தில், கதைசொல்லி ‘கற்பு என்று கதையளக்கிறீர்களே’ என்கிறான். பௌராணிகர்களை முதல் பந்தியிலேயே அழைத்து வந்தவன், கடைசியில் கேட்போனையும் அந்தக் கதையளப்பவர்களின் வரிசையில் நிறுத்துகிறான்.