டிக்கெட், பில், மாத்திரை அட்டை: மாலை வகுப்புக்கான எழுத்தறிவு வினாடி வினா

பாபநாசம் வட்டம், குடமுருட்டிக் கரையிலுள்ள ஓர் ஊரின் மாலை வகுப்பில் 19-01-2026 திங்கட்கிழமை நடத்துவதற்கான தொகுப்பு. நடத்தப்போகும் தன்னார்வலர்களுக்கு எழுதியது. கற்போர் 18 பேர்: 14 பெண்கள், 4 ஆண்கள். எல்லோரும் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், நாலு இலக்க எண் வரை சொல்வார்கள். கடன் வாங்கிக் கழிப்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. சம்பா அறுவடை தொடங்கும் நேரம் என்பதால் ஏழரைக்கு முன்னால் ஆள் சேராது. ஏழரையிலிருந்து எட்டே கால் வரை, 45 நிமிடம்.

கேள்வி எழுதும்போது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: தாளைப் பார்க்காமலே பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். கும்பகோணத்துக்கு பஸ் கட்டணம் எவ்வளவு என்று முப்பது வருடமாகப் பூ விற்கப் போய்வரும் அக்காவிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சர்க்கரை மாத்திரை எது என்றால் நிறத்தை வைத்தே எடுத்துக் கொடுப்பார். அது அவருடைய ஞாபகசக்தி, வாசிப்பு அல்ல. கீழேயுள்ள பன்னிரண்டு கேள்விகளும் தாளில் விரல் வைத்தால்தான் விடை கிடைக்கும்படி எழுதியவை.

அட்டைகள்

மூன்று பேருக்கு ஒரு குழு, ஆறு குழு. குழுவுக்கு 9 அட்டை, மொத்தம் 54. பஸ் டிக்கெட்டும் கடை பில்லும் சூடு பட்டால் கறுக்கும் தாளில் அச்சானவை. நேராக லேமினேஷன் கடையில் கொடுத்தால் மெஷினுக்குள் போகும்போதே முழுசும் கறுத்துவிடும். செல்லோ டேப் ஒட்டினால் பசை பட்ட இடத்தில் எழுத்து மங்கும். சட்டைப் பையில் வைத்தால் வியர்வைக்கே போய்விடும். ஆகவே சீட்டு கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். முதலில் இரண்டு மடங்கு பெரிதாக்கி, அந்தப் பிரதியை இன்னொரு தடவை ஒன்றரை மடங்கு. லேமினேஷன் வேண்டுமானால் அந்தப் பிரதிக்குப் போடுங்கள். அசல் சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பெரிதாக்கிய தாளில் படித்ததைச் சின்னதில் தேடிக் காட்டுவதுதான் கடைசிப் படி.

ஜெராக்ஸுக்கு முன் பெயர், செல் நம்பர், மின் இணைப்பு எண், குடும்ப அட்டை எண், வியாதிப் பெயர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் துண்டு வைத்து மறையுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூடும் வகுப்பு. யாருக்கு என்ன மருந்து என்பது அங்கே தெரியக் கூடாது.

மாத்திரை அட்டையில் இன்னொரு சிக்கல். தேதி அச்சாகியிருப்பது பின்பக்கத் தகட்டில். மாத்திரையைப் பிதுக்கினால் தகடு கிழிந்து தேதியும் கிழியும். பிரிக்கும் முன்பே செல்போனில் படம் எடுத்து அச்செடுங்கள். உண்மையான மாத்திரை வகுப்புக்குள் வரவே வேண்டாம். பேரப்பிள்ளைகள் கூடவே வருவார்கள்.

நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது வெள்ளெழுத்தால். தொடங்கும் முன் ஒரு பெரிய எழுத்துத் தாளையும் ஒரு சின்ன எழுத்துத் தாளையும் காட்டுங்கள். பெரியதை வாசித்துச் சின்னதில் திணறினால் அவருக்கு வேண்டியது கண்ணாடி. அவருடைய மதிப்பெண்ணைப் பெரிய தாளை வைத்தே போடுங்கள்.

வகுப்பில் 'பரீட்சை' என்ற சொல் வேண்டாம், மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். 'சீட்டு விளையாட்டு' என்றும் சொல்லாதீர்கள். வீட்டில் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். "நம்ம பைக்குள்ள கெடக்குற தாளப் படிப்போம்" என்று கூப்பிட்டாலே போதும்.

பஸ் டிக்கெட்

அட்டை 1: கும்பகோணம் – பாபநாசம், 12-01-2026, 07:25, பெரியவர் 2, ரூ. 40.00.
அட்டை 2: டவுன் பஸ், மகளிர் இலவசம், 12-01-2026, 18:10, ரூ. 0.00.
(வழித்தடமும் தொகையும் மாதிரிக்கு, உங்கள் ஊர் டிக்கெட் கிடைத்தால் அதையே வையுங்கள்.)

1. "அக்கா, மொத டிக்கெட்டு எத்தனை பேருக்குக் கிழிச்சது? அந்த எண்ணு மேல வெரல வைங்க." விடை: 2.

2. "ஒரு ஆளுக்கு எவ்வளவு?" விடை: 20 ரூபாய். 40 என்று சொன்னால் தொகையைக் கண்டுபிடித்துவிட்டார், ஆள் கணக்கை விட்டுவிட்டார், பாதி மதிப்பெண்.

3. "ரெண்டாவது டிக்கெட்டு காலையில வாங்குனதா, சாயங்காலமா?" விடை: சாயங்காலம் 6:10. 18 மணி என்று ஒரு மணி நம் பேச்சில் கிடையாது. 12ஐத் தாண்டிய எண் வந்தால் அதில் 12ஐக் கழிக்கச் சொல்லிக் கொடுத்த பிறகே இந்தக் கேள்விக்கு வாருங்கள்.

மின் கணக்கீட்டு அட்டை

அட்டை 3: கணக்கெடுத்த நாள் 12-01-2026, முன் அளவு 4182, இப்போதைய அளவு 4396, கட்டக் கடைசி நாள் 01-02-2026. யூனிட் எழுதிய கட்டத்தை ஜெராக்ஸில் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாவது கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும்.

4. "ரெண்டு மாசத்துல எத்தனை யூனிட் ஓடியிருக்கு?" விடை: 4396 – 4182 = 214. கடன் வாங்காமல் கழியும் எண்களாக வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம். கடன் வாங்கும் கணக்காக இருந்து தப்பினால், தவறு வாசிப்பிலா கணக்கிலா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

5. "எந்தத் தேதிக்குள்ள கட்டணும்?" விடை: பிப்ரவரி 1. அட்டையில் இரண்டு தேதி இருக்கிறது. பெரும்பாலோர் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்வார்கள். திருத்தாதீர்கள், "அந்தத் தேதிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று மட்டும் கேளுங்கள். தானே மாற்றிச் சொன்னால் முழு மதிப்பெண்.

ரேஷன் பில்லும் உரச் சீட்டும்

அட்டை 4: அரிசி 20 கிலோ 0.00, சர்க்கரை 2 கிலோ 50.00, துவரம் பருப்பு 1 கிலோ 30.00, பாமாயில் 1 லிட்டர் 25.00, மொத்தம் 105.00. கீழே ஒரு பையின் படம்: அதில் அரிசி, சர்க்கரை, பருப்பு மட்டும். அச்சுச் சீட்டு தராத கடையாக இருந்தால் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படம் எடுத்து இதே மாதிரி செய்யலாம்.

6. "பில்லுல இருக்கு, பையில இல்ல. எந்தப் பொருள்?" விடை: பாமாயில்.

7. "வாங்காத சாமானுக்கு எவ்வளவு போட்டிருக்காங்க?" விடை: 25 ரூபாய். இந்தக் கேள்வி வந்ததும் வகுப்பு சூடாகும், ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். கடைக்காரரின் பெயர் சொல்லிச் சண்டையாக மட்டும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை 5: 45 கிலோ யூரியா சாக்கின் படம், அச்சிட்ட விலை ரூ. 266.50. அதோடு கடைச் சீட்டு: யூரியா 3 சாக்கு, சாக்கு 280 வீதம் 840.

8. "சாக்குல போட்ட விலையும் சீட்டுல போட்ட விலையும் ஒண்ணா? எது கூட?" விடை: சீட்டில் கூட. எவ்வளவு கூட என்று கேட்க வேண்டாம், புள்ளிக்குப் பின்னால் கழிப்பது இந்த வகுப்புக்கு இன்னும் வரவில்லை. ஆனால் 266.50ஐ 'இருபத்தாறாயிரத்து அறுநூத்தி அம்பது' என்று வாசிப்பவர் இருப்பார். புள்ளியின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, பொட்டுக்கு முன்னால் ரூபாய், பின்னால் பைசா என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்.

மருந்து

இதற்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பஸ் டிக்கெட்டில் தப்பினால் நஷ்டம் பத்து இருபது ரூபாய், இங்கே அப்படியில்லை.

அட்டை 6: ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரைக் கவர். பாராசிட்டமால் 500 மி.கி., 1-0-1, 3 நாள், சாப்பாட்டுக்குப் பின்.

9. "மதியானம் எத்தனை மாத்திரை? மொத்தம் எத்தனை?" விடை: மதியம் இல்லை, மொத்தம் 6. எண் நன்றாகக் கற்றவர்களே இங்கே 'நூத்தி ஒண்ணு' என்று வாசிப்பார்கள், கோடு அவர்கள் கண்ணில் படுவதில்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கட்டம் போடுங்கள்: காலை, மதியம், இரவு. புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, சீட்டைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நடுக்கட்டம் காலியாக நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் மறுபடி நூற்றொன்று என்று சொல்லமாட்டார்.

அட்டை 7: ஒரே மாதிரி மூன்று வெள்ளை மாத்திரை அட்டைகள். காலாவதி 11/2025, 01/2026, 03/2027.

10. "இன்னிக்கு 19-01-2026. இதுல எதத் தூக்கிப் போடணும்?" விடை: 11/2025 மட்டும். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஆகவே 01/2026 இன்னும் சரி. எண்ணைப் பார்த்து "பதினொண்ணு பெருசு, மூணு சின்னது, அப்ப மூணத் தூக்கிப் போடணும்" என்று சிலர் சொல்வார்கள். முதலில் வருடத்தை ஒப்பிட வேண்டும், வருடம் ஒன்றானால்தான் மாதம்.

காலாவதி தேதிக்கு முன்னால் எக்ஸ்பி என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். ஆங்கிலம் கற்பிக்க இது இடமில்லை, உருவத்தை மட்டும் காட்டுங்கள்: மூன்று பல் சீப்பு, பெருக்கல் குறி, மேலே கொடி பறக்கும் கம்பம். தயாரித்த தேதி பக்கத்திலேயே இருக்கும், அதற்கு முன்னால் சீப்பு கிடையாது. கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கேட்கும்போது தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுத்தால் கையில் வருவதில் தேதியே இராது. "தேதி உள்ள பக்கம் குடுங்க" என்று கேட்கும் பழக்கத்தை இந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

அட்டை 8: உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். 1 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம்.

11. "இந்தப் பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணி? கரைச்சது எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?" விடை: ஒரு லிட்டர்; ஒரு நாள். டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் வீடுகளில் நடக்கிறது. அப்படிக் கலந்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அட்டை 9: ஒரே அளவில் இரண்டு சொட்டு மருந்துக் குப்பி. ஒன்றில் 'கண்ணுக்கு', மற்றதில் 'காதுக்கு' என்று ஒட்டிய சீட்டு.

12. "கண்ணுல விடுறது எது?" இரண்டும் 'க'வில் தொடங்குவதால் முதலெழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, அதனால்தான் இந்த இரண்டு சொல். குப்பிகளைக் குழுவுக்குக் குழு இடம் மாற்றி வையுங்கள், பக்கத்துக் குழுவின் விரலைப் பார்த்துச் சொல்வது நிற்கும்.

மதிப்பெண்

கேள்விக்கு 2, மொத்தம் 24. விடை சொல்லி இடத்தையும் விரலால் காட்டினால் 2. விடை மட்டும் சரி என்றாலும், இடத்தை மட்டும் காட்டினாலும் 1. குழுவாக உட்கார்ந்தாலும் கேள்விக்குக் கேள்வி ஆளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் பார்த்த ஒருவரே மூன்று பேருக்கும் படித்துவிடுவார். மதிப்பெண்ணை உரக்க வாசிக்க வேண்டாம். நோட்டில் பெயருக்கு எதிரே எந்தக் கேள்வி தப்பியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 9, 10, 11, 12இல் ஏதாவது ஒன்று தப்பியவருக்கு அடுத்த வகுப்பில் அதே கேள்வியை வேறு எண் போட்ட அட்டையோடு திரும்பக் கேளுங்கள். எண்ணை மாற்றாவிட்டால் போன வாரத்து விடையையே ஒப்பிப்பார்.

கலையும்போது 54 அட்டையையும் எண்ணி வாங்குங்கள். அசல் சீட்டு கொண்டுவந்தவர்களிடம் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த திங்கள் வரும்போது வீட்டுக் கூரையில் செருகியிருக்கும் தாள் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.