விருந்தினர் விட்டுச்சென்ற பொருட்கள்: பதிவு, பாதுகாப்பு, திருப்பித் தருதல்

ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் ஊழியர்கள் எல்லோருக்கும். வரும் திங்கள்கிழமை காலை ஷிப்ட் முதல் இதன்படி நடக்க வேண்டும்.

நம்மிடம் தங்குகிறவர்களில் பலர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். ஊர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், சிலருக்கு பங்களாதேஷ். காட்பாடியில் ரயிலைப் பிடிக்க விடியற்காலையில் அவசரமாக அறையைக் காலி செய்கிறார்கள். அதனால் அறையில் கிடப்பது தங்கச்சங்கிலி இல்லை. எக்ஸ்ரே கவர், மூக்குக்கண்ணாடி, பல்செட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும். குப்பையா இல்லையா என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. எழுதியிருக்கும் எந்தத் தாளையும் கேட்காமல் கூடையில் போடாதீர்கள்.

கண்டதும்

சாவி ரிசப்ஷனுக்கு வந்ததும் அறையைப் பார்த்துவிடுங்கள். பில் போட்டு முடிப்பதற்குள் பொருளைக் கீழே கொண்டுவந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் மீதி எதுவுமே தேவையில்லை. தலையணை அடி, கதவுக்குப் பின்னால் உள்ள கொக்கி, பிளக் பாயிண்ட், குளியலறை அலமாரி, ஃப்ரிட்ஜ், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து.

ஆள் போய்விட்டார் என்றால் அறையிலிருந்தே இன்டர்காமில் சொல்லுங்கள். பணம், நகை, போன், பை என்றால் இன்னொருவர் வரும்வரை திறக்க வேண்டாம். டியூட்டி போனில் மட்டும் படம் எடுக்கலாம். சொந்த போனிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ கூடாது.

ரெஜிஸ்டர்

கண்டெடுத்த அரை மணி நேரத்துக்குள் எழுதுங்கள். இப்படி:

"எண் 112. 14-ஆம் தேதி, காலை 6.40. அறை 207, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. பழுப்பு ரெக்சின் பர்ஸ், ஜிப் பிடி உடைந்தது. உள்ளே ரூ.2,340 (500 நான்கு, 100 மூன்று, 20 இரண்டு), மஞ்சள் நிற உலோக மோதிரம் ஒன்று. கண்டவர், எண்ணியவர், உடன் இருந்தவர் கையெழுத்து."

"தங்க மோதிரம்" என்று எழுதக் கூடாது. தங்கமா என்று நமக்குத் தெரியாது. எழுதிவிட்டால் பிறகு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அடித்தல் வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் வேண்டாம்.

வைப்பது

பணம், நகை, அடையாள அட்டை: கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு கையெழுத்து, பிறகு மேலாளர் அறை லாக்கர். மற்றவை எண் சீட்டு கட்டி ஸ்டோர் அலமாரியில். ஈரத்துணியைக் காயவைத்த பிறகே கட்டுங்கள். இன்சுலினை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வைத்தால் வீணாகிவிடும். சமைத்த உணவை அன்றே அப்புறப்படுத்தி, அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

துணிமணி, சார்ஜர் 3 மாதம். விலை உள்ளவை 6 மாதம். அதன் பிறகும் மேலாளர் எழுதித் தராமல் எதுவும் வெளியே போகாது. மருத்துவ ஃபைலுக்குக் கெடு கிடையாது. பாஸ்போர்ட் கிடைத்தால் உடனே விருந்தினருக்குப் போன் போடுங்கள்; அன்று மாலைக்குள் பிடிக்க முடியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவோம்.

தெரிவிப்பது

ரிப்போர்ட், மாத்திரை, பாஸ்போர்ட் என்றால் காத்திருக்காதீர்கள். காட்பாடி பக்கம்தான், ரயில் கிளம்பியிருக்காது. ஆட்டோ செலவு நிர்வாகத்துடையது.

அழைப்பது, அவர் செக்-இன் போது தந்த எண்ணை மட்டும். வேறு யாராவது எடுத்தால், "வேலூர் லாட்ஜிலிருந்து பேசுகிறோம், அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்பதோடு சரி. பொருள் என்ன என்று சொல்லாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதே அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திருப்பித் தருவது

பொருளை நாம் வர்ணிக்கக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். "பழுப்பு பர்ஸா சார்?" என்று எடுத்துக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆமாம் என்பார்கள். நிறம், உள்ளே என்ன, எந்த அறை என்று கேளுங்கள். நேரில் வந்தால் அடையாள அட்டை நகல், ரெஜிஸ்டரில் கையெழுத்து. வேறொருவரை அனுப்பினால் விருந்தினர் தன் எண்ணிலிருந்து அவர் பெயரைச் செய்தியாக அனுப்ப வேண்டும்.

வெளியூருக்கு ஸ்பீடு போஸ்ட். செலவு அவருடையது, ரசீதில் உள்ள தொகை மட்டும். பேக் செய்வதை இருவர் பார்க்க வேண்டும். டிராக்கிங் எண்ணை ரெஜிஸ்டரில் எழுதி அவருக்கும் அனுப்புங்கள். பணத்தைப் பார்சலில் வைக்காதீர்கள், அவர் கணக்குக்கு மேலாளர் அனுப்புவார்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-வது பிரிவுப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைப்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. எடுத்து வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு பாயும். பத்து ரூபாய் பேனாவானாலும் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள்.

இரவு ஷிப்டில் லாக்கர் சாவி இருக்காது. அப்போது கிடைத்த கவர், ரிசப்ஷன் மேசையின் பூட்டுள்ள டிராயரில்; காலையில் வருபவர் கவரைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இரவு ஆள் வீட்டுக்குப் போகலாம்.